தென்காசி வரைக்கும்

எனக்கு வாய் நீளம். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சங்கரன்கோவிலில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ரேஷன் கடையில் எடை போடுகிற வேலை. சர்வர் வேலை செய்யவில்லை என்றாலும் என்னைத்தான் திட்டுவார்கள், அரிசியில் கல் கிடந்தாலும் என்னைத்தான் திட்டுவார்கள். அவர்கள் ஒன்று சொன்னால் நான் ஒன்பது சொல்லுவேன். ஒருவர் வாயைத் திறப்பதற்குள் அவர் என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பை வைத்துக்கொண்டுதான் அன்றைக்குத் திருநெல்வேலியில் ரயில் ஏறினேன்.

வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள். மக்காச்சோளக் காட்டில் தோகை கீறியதில் வலது கண் புண்ணாகிவிட்டது. இவர் யாரிடமும் சொல்லாமல் தாய்ப்பால் விடுவது, இளநீர் விடுவது என்று கைவைத்தியம் பார்த்துக் கருவிழியே வெந்த முட்டை மாதிரி வெளுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இடது கண் பிறவியிலேயே மங்கல், வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. ஆக இருந்தது ஒரு கண். அதில் புதுக் கருவிழி வைத்துத் தைத்திருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் செத்த பிறகு கொடுத்துவிட்டுப் போனது. அதற்குக் காத்திருந்த நாட்களில் நான் கும்பிடாத சாமி இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா விரல் விட்டு எண்ணிச் சொன்னார். குனியக் கூடாது. முக்கக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். "வாந்தி மட்டும் வந்துராமப் பாத்துக்கோங்க. முக்கி வாந்தி எடுத்தா தையல் விட்டுப்போகும். இன்னொரு தடவை கருவிழி எப்பக் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது." பஸ்ஸில் குலுங்கிப் போக வேண்டாம், ரயில் என்றால் பரவாயில்லை என்றார். வாந்திக்கு ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள்.

மாத்திரையை நம்பி நான் இருந்துவிட முடியுமா? இவர் லட்சணம் எனக்குத்தான் தெரியும். கார் என்றால் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தும்போதே முகம் மாறிவிடும். அதைவிட மோசம், போகிற திசைக்கு முதுகு காட்டி உட்காருவது. எங்கள் கல்யாணம் ஆன புதிதில் விருந்துக்குப் போகும்போது வேனில் பின்பக்கம் பார்த்த சீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். சிவகிரி போவதற்குள் புதுப் பட்டுச்சேலையில் எனக்கு அபிஷேகம். அதிலிருந்து ஷேர் ஆட்டோவில்கூட டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு வருவார், எதிர்ச் சீட்டு காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார்.

அதனால் நான் முன்யோசனையோடுதான் இருந்தேன். விடுமுறைக்காக விட்டிருந்த ஒரு சிறப்பு வண்டி, மத்தியானம் திருநெல்வேலியில் கிளம்பி அம்பாசமுத்திரம், தென்காசி, சங்கரன்கோவில், ராஜபாளையம் வழியாகச் சென்னைப் பக்கம் போவது. எங்கள் ஊர்க்காரர்கள் திருநெல்வேலிக்கு ரயிலில் போவது கிடையாது. பஸ்தான். ரயில் என்றால் மதுரைக்கு, இல்லாவிட்டால் அந்தப் பக்கம் தென்காசி, செங்கோட்டைக்கு. ஏறினால் ஏறின முகமாகவே போய் இறங்குவோம். அதனால் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தைதான்: எஞ்சின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார், அந்தப் பக்கம் பார்த்து உட்கார்.

ஸ்டேஷனில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரம் கடைசிவரை நடந்து எஞ்சினைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குத் திரும்பினேன். உள்ளே போனால், எங்களுக்குக் கொடுத்திருந்த பெஞ்சு எஞ்சினுக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்தது. எதிர்ப் பெஞ்சுதான் முகம். அதில் ஒரு அண்ணாச்சியும் அவர் சம்சாரமும் உட்கார்ந்திருந்தார்கள். புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரமாம், ராஜபாளையத்தில் மகள் வீட்டுக்குப் போகிறார்களாம். காலடியில் ஒரு சாக்குப் பை நிறைய பழம், வாசனை தூக்கியது. மற்ற டிக்கெட்காரர்கள் மேல் படுக்கையில் ஏறிப் படுத்துவிட்டார்கள்.

நான் கேட்டேன் என்று சொன்னால் பொய். எழுப்பினேன்.

"அண்ணாச்சி, இவுகளுக்குக் கண்ணு ஆபரேஷன். பின்பக்கம் பாத்து உக்காந்தா வாந்தி வரும். நீங்க இந்தப் பெஞ்சுக்கு வாங்க."

அவர் சம்சாரத்தைப் பார்த்தார். அந்த அம்மா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எனக்கும் அப்படித்தான் வரும்" என்று மெல்லச் சொன்னார்.

"உங்களுக்கு வந்தா தண்ணியக் குடிச்சா சரியாப் போகும். இவுகளுக்குக் கண்ணே போயிரும்" என்றேன்.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். நல்ல மனுஷன், முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. "அதுக்கென்ன, மாறிக்கிடுவோம். ஆனா தென்காசி வரைக்கும்தாம்மா இது..."

அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. தென்காசி வரைக்கும்தான் இடம் தருவேன் என்று பேரம் பேசுகிறார் என்று நான் நினைத்தேன். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"அதென்ன தென்காசி வரைக்கும்? சங்கரன்கோவில் வரைக்கும் இது எங்க பெஞ்சு, அது உங்க பெஞ்சு. நடுவழில வந்து எந்திரின்னு நிக்கக் கூடாது."

"இல்லம்மா, நான் சொல்ல வந்தது..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். பேச்சுன்னா ஒரே பேச்சுதான். நானும் மாத்த மாட்டேன், நீங்களும் மாத்தக் கூடாது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "உங்க இஷ்டம்" என்று சொல்லி எதிரே உட்கார்ந்துகொண்டார். இவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, தலைக்குப் பின்னால் போர்வையைச் சுருட்டி வைத்தேன். கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி, அதற்கு மேல் பிளாஸ்திரி. பொம்மை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

சேரன்மகாதேவி தாண்டும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். இவர் எச்சில் விழுங்கினால் நானும் விழுங்குவேன். ஆனால் இவருக்கு ஒன்றும் செய்யவில்லை, காற்று முகத்தில் அடிக்கச் சௌகரியமாக வந்தார். வாந்தி வந்தது எதிரே இருந்த அந்த அம்மாவுக்குத்தான். அம்பாசமுத்திரம் வருவதற்குள் இரண்டு தடவை கேரிப்பையில் எடுத்துவிட்டார். அண்ணாச்சி ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கில் பிடித்தார். அந்த வாடை இவருக்கு வந்துவிடக் கூடாதே என்று நான் என் கைக்குட்டையை இவர் மூக்கில் வைத்தேன். அந்த அம்மாவைப் பார்த்து, கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திரும்பி எடுக்கக் கூடாதா என்றுகூடச் சொன்னேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

தென்காசியில் வண்டி நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஐந்து நிமிஷம் கழித்து, பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு எஞ்சின் மட்டும் தனியாக எங்கள் ஜன்னலைக் கடந்து பின்பக்கமாகப் போனது. கொஞ்ச நேரத்தில் கார்டு தன் பையையும் கொடியையும் தூக்கிக்கொண்டு வண்டியின் வாலிலிருந்து தலைப் பக்கம் நடந்து போனார். எனக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. டீ விற்றுக்கொண்டு வந்தவரை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன்.

"எஞ்சின் ரிப்பேரா? எங்க கழட்டிக்கிட்டுப் போறாங்க?"

"ரிப்பேர்லாம் இல்லம்மா. இந்தக் கோடிலேர்ந்து கழட்டி அந்தக் கோடில மாட்டுதாங்க. வண்டி இனி வந்த பக்கமாத்தான் போகும்."

"வந்த பக்கமா? திருநெல்வேலிக்கா?"

அவர் சிரித்தார். டீக் கேனைக் கீழே வைத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். "உண்டிவில்லுக் கவட்டை பாத்திருக்கீகளா? இந்தக் கிளை திருநெல்வேலி லைன். இந்தக் கிளை உங்க சங்கரன்கோவில் லைன். ரெண்டும் வந்து சேருத இடம் தென்காசி. அடிக்கம்பு செங்கோட்டைக்குப் போகுது. செங்கோட்டை வண்டிக்குக் கவலை இல்ல, நேரே போயிரும். இந்தக் கிளைலேர்ந்து அந்தக் கிளைக்குப் போகணும்னா கவட்டைக்கு வந்து, நின்னு, பின்னால திரும்பித்தானே போகணும். வண்டியத் தூக்கித் திருப்பி வைக்க முடியுமா? அதான் எஞ்சின வாலுக்குக் கொண்டு போறாங்க. வாலு தலையாயிரும்."

வால் தலை என்றால், முகம் முதுகு. சண்டை போட்டு வாங்கிய பெஞ்சு இனிமேல் சங்கரன்கோவில் வரைக்கும் பின்பக்கம் பார்த்துக்கொண்டுதான் போகும். எதிர்ப் பெஞ்சுதான் இனி முகம். தென்காசி வரைக்கும்தாம்மா இது முன்பக்கம். அந்த மனுஷன் சொல்ல வந்தது அதைத்தான். என்னை எச்சரிக்க வந்தவர் வாயை நான் அடைத்திருக்கிறேன், அதுவும் பேச்சு மாறக் கூடாது என்று கையெழுத்து வாங்காத குறையாக.

இப்போது யாராவது ரயிலில் போகிறேன் என்று கடையில் வந்து சொன்னால், கேட்காமலே சொல்லுவேன். நடுவில் ஒரு ஜங்ஷனில் வண்டி பத்து இருபது நிமிஷம் நிற்கிறது என்று போட்டிருந்தால் சும்மா விடாதீர்கள், எஞ்சின் பக்கம் மாறுமா என்று கேளுங்கள். மாறும் என்றால், ஆளுக்கு ஒன்றாக எதிரெதிர்ப் பெஞ்சில் டிக்கெட் போடுங்கள். பாதி வழி நீங்கள், பாதி வழி நான் என்று மாறி உட்காரலாம். பக்கவாட்டுச் சீட்டு கிடைத்தால் இன்னும் நல்லது, எதிரெதிர் இரண்டு இருக்கும். ஸ்டேஷனுக்குக் கூப்பிட வருகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள், முன்னால் இருந்த பெட்டி பின்னால் வந்து நிற்கும் என்று. இதெல்லாம் இப்போது வாய் கிழியப் பேசுகிறேன். அன்றைக்கு எனக்கு இதில் ஒன்றும் தெரியாது.

அந்த அண்ணாச்சியிடம் கேட்க வாய் வரவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் வாய்க்கே வரவில்லை. இவரிடம், "இந்தா வந்துருதேன், அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டி முழுக்க ஓடினேன். ஒரு பெஞ்சில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. ஒரு பெஞ்சில் காலில் மாவுக்கட்டுப் போட்ட ஆள். ஒரு பெஞ்சில் கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்த குடும்பம், "இவ்வளவு தூரம் நாங்க பின்னால பாத்துத்தானே வந்தோம், இப்பத்தான் விடிவு வந்திருக்கு" என்றார்கள். நியாயம்தானே. சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது டொக்கென்று ஒரு இடி விழுந்து பெட்டி குலுங்கியது. அந்தக் கோடியில் எஞ்சினை மாட்டிவிட்டார்கள். இவர் கண்ணை நினைத்துக்கொண்டு ஓடினேன்.

திரும்பி வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. வந்த வழியிலேயே நகர்ந்தது. எங்கள் ஜன்னலில் அதுவரை கூடவே வந்த மலை, கொஞ்ச நேரத்தில் தண்டவாளம் பிரிந்து வளைந்ததும் எதிர் ஜன்னலுக்குப் போய்விட்டது. இவர் இரண்டு கையாலும் பெஞ்சு விளிம்பைப் பிடித்திருந்தார். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. தொண்டை ஏறி இறங்கியது. ஒரு தடவை, உடனே இன்னொரு தடவை.

"என்னங்க, என்ன செய்யுது?"

தலையை லேசாக ஆட்டினார். வாயைத் திறந்தால் வந்துவிடும் என்று உதட்டைக் கடித்திருந்தார். நான் பார்த்துப் பழகிய உதடு அது. அடுத்து என்ன என்று எனக்குத் தெரியும். வயிற்றிலிருந்து ஒரு இழுப்பு, கழுத்து நரம்பு புடைக்கும், கண் பிதுங்கும். யாரோ கொடுத்துவிட்டுப் போன கருவிழி, நூலில் நிற்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் வந்த அழுகை, சத்தமே வரவில்லை.

அந்த அம்மா காலடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சியிடம் பேசவில்லை. அவரிடம்தான் நான் ஒரே பேச்சு என்று சொல்லியிருந்தேனே.

"அக்கா" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

அந்த அம்மா வாந்தி எடுத்துக் களைத்துப்போய், இப்போதுதான் கொஞ்சம் முகம் தெளிந்து ஜன்னலோரம் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், எதிரே இவரைப் பார்த்தார். பிறகு புதிதாக ஒரு கேரிப்பையை மடியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எந்திரிங்க" என்று புருஷனிடம் சொன்னார். "நான் கக்கினா வயிறுதான் காலியாகும். அவுகளுக்குக் கண்ணுல்லா."

என் வார்த்தையைத்தான் எனக்கே திருப்பிக் கொடுத்தார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

அண்ணாச்சி இவரைத் தோளோடு அணைத்துத் தூக்கி எதிர்ப் பெஞ்சில் உட்காரவைத்தார். கீறின எலுமிச்சம்பழத்தை இவர் கையில் கொடுத்து, "மூக்குக்கிட்ட வச்சுக்கிடுங்க. மூச்ச மெதுவா இழுங்க" என்றார். காற்று முகத்தில் அடித்தது. கடையநல்லூர் வரும்வரை நான் இவர் தொண்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது. இறங்கியது. அப்புறம் ஏறவில்லை. வேர்வை காய்ந்தது. விரல் ஒவ்வொன்றாகப் பிடியை விட்டது. எதிரே அந்த அம்மா பைக்குள் முகத்தை வைத்துக் குனிந்திருந்தார். நான் போய் முதுகைத் தடவிவிட்டேன், தண்ணீர் கொடுத்தேன். அவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "போங்க, அவுகளைப் பாருங்க" என்றார்.

இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், "அண்ணாச்சி அப்பவே தென்காசின்னு சொல்ல வந்திருக்காரு. நான் பாவி கேக்கலை" என்றேன்.

"ம். எனக்கு அப்பவே வெளங்கிட்டு" என்றார் இவர்.

"என்னது?"

"வண்டி தென்காசில திரும்பும்னுதான் சொல்ல வாராருன்னு. ஒரு தடவை அம்பாசமுத்திரத்துல ஒரு சாவுக்குத் துஷ்டி கேக்க இந்த வழியாத்தான் போனேன். அன்னைக்கும் இப்படித்தான் மாத்துனாங்க."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "தெரிஞ்சுமா அந்தப் பெஞ்சுல உக்காந்து வந்தீங்க? தென்காசில அத்தனை நேரம் வண்டி நின்னுச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

இவர் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "நீ பேசிக்கிட்டிருந்தியே. நடுவுல நான் என்னத்தச் சொல்ல" என்றார்.

ஆபரேஷன் ஆன கண். ஊரில் மக்காச்சோளம் விளைந்து நிற்கிறது, அதைப் பார்க்க இருந்த ஒரே கண். அதை விட்டாலும் விடுவேன், இவள் பேச்சுக்கு நடுவே வாயைத் திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்து வந்திருக்கிறார். சண்டையில் நான் ஜெயிக்கிறேன் என்று இத்தனை வருஷம் நினைத்தேன். கண்ணைப் பற்றிய பயம் எனக்கு அத்தோடு போகவில்லை, ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இன்னும் என்னென்ன என்னிடம் சொல்லாமல் விழுங்கியிருப்பார் இந்த மனுஷன். கண் புண்ணானதைக்கூட அத்தனை நாள் ஏன் மறைத்தார் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. எதைச் சொன்னாலும் சத்தமாகத்தான் வரும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி பாம்புக்கோவில் சந்தையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து இவர் கேட்டதில்லை. மூடிக்குள்ளிருந்து என் முகமும் இவருக்குத் தெரியாது. மூடி போட்ட கண்ணை என் பக்கம் திருப்பி, கையை நீட்டி என் முழங்கையைத் தேடிப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது.

"ஏட்டி" என்றார். "கோவமா?"